துக்க வீட்டுக்கு வெளிநாட்டு நண்பரைக் கூட்டிப் போகும்போது: கிளம்புவதிலிருந்து குளிப்பது வரை

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலைக்கு வந்த ஜப்பான் பொறியாளர் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்ட தமிழ் வாக்கியம் "போயிட்டு வரேன்". அது அவருக்குச் சட்டென்று நாக்கில் ஒட்டியதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லும் 'இத்தேகிமாசு' என்பதற்கும் போய்விட்டு வருகிறேன் என்றுதான் பொருள். ஷிப்ட் முடிந்தால் கேன்டீன் அக்காவிலிருந்து கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி வரை எல்லாரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

பிறகு ஒரு நாள் எங்கள் டீமில் ஒருவருடைய பெரியப்பா இறந்துபோக, அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். கிளம்பும் நேரத்தில் மனிதர் பந்தலுக்கு நடுவில் நின்று, கை கூப்பி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "போயிட்டு வரேன்." பந்தலில் பேச்சு நின்றது. ஒரு பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாவு வீட்டுக்குத் திரும்ப வருகிறேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தமாகிவிடும் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? தப்பு அவருடையதல்ல, கூட்டிப் போன என்னுடையது.

அடுத்த ஆண்டு எங்கள் லைன் சூப்பர்வைசருடைய அம்மா மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இறந்தார். எண்பது வயதைத் தாண்டியவர், கணவர் முன்பே போய்விட்டார். ஜப்பான்காரர் தானும் வருவதாகச் சொன்னார். இந்த முறை வண்டியில் போகும் ஏழெட்டு மணி நேரமும் அவருக்குப் பாடம்தான். அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இது மதுரை வட்டாரத்து இந்துக் குடும்பம் ஒன்றின் வழக்கம். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி சடங்கின் பெயரும் வரிசையும் மாறும். வெளியாள் நடந்துகொள்ள வேண்டிய விதம் அவ்வளவாக மாறாது.

முதலில் அவரிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் இத்தனை நாளில் அவர் கற்றுக்கொண்ட மரியாதைகள் எல்லாம் துக்க வீட்டு வாசலோடு தலைகீழாகிவிடும். அங்கே யாரும் "வாங்க" என்று சொல்ல மாட்டார்கள், வணக்கம் கிடையாது, "சாப்பிடுங்க" என்ற உபசாரமும் கிடையாது. வருவதும் போவதும் சொல்லாமல்தான். இது பிடிபட்டுவிட்டால், பாதியை அவரே ஊகித்துக்கொள்வார்.

கிளம்பும் முன்

"எனக்கு அழைப்பு வரவில்லையே, போகலாமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நல்லதுக்குக் கூப்பிட்டால் போகணும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போகணும் என்று நம் ஊரில் சொல்வார்கள். சாவுச் செய்தி காதில் விழுந்ததே அழைப்புதான். கல்யாணத்துக்கு வராததை மன்னிப்பவர்கள்கூட சாவுக்கு வராததை மறக்க மாட்டார்கள் என்றேன். அதன் பிறகு அவர் தயங்கவில்லை.

அடுத்து, "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்று விசாரிக்க வேண்டும். இறந்தவரின் மகனிடம் கேட்காதீர்கள். ஒரு மச்சானோ சித்தப்பா மகனோ போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவரிடம் கேளுங்கள். எங்களுக்கு மூன்று மணி என்று பதில் வந்தது. அப்படியென்றால் காலை பத்து, பதினொன்றுக்குள் போய்ச் சேருவது நல்லது. எடுக்கும் நேரத்துக்கு வந்து இறங்கினால் கூட்டத்தில் முகம் பார்க்கவும் முடியாது, மகன் கண்ணிலும் பட முடியாது. வந்ததை அவர் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் போகிறோம்.

எந்த மதத்துக் குடும்பம் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முஸ்லிம் வீட்டில் மாலை கிடையாது, முடிந்தவரை அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள், ஆகவே தாமதிக்க முடியாது. கிறிஸ்தவ வீட்டில் மாலை போடலாம். அங்கே ஜெபம் நடக்கும்போது எழுந்து நின்றால் போதும்.

வழியிலேயே சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள். பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பந்தலுக்கு டீ, காபி கொண்டுவந்து கொடுப்பார்கள், அதை வாங்கிக் குடிக்கலாம். சாப்பாடு என்பது எடுத்த பிறகு, வீட்டைக் கழுவிவிட்ட பிறகுதான். அதையும் பெரும்பாலும் சம்பந்தி வீட்டாரோ மாமன் வீட்டாரோ ஆக்கிக் கொண்டுவருவார்கள்.

உடையும் மாலையும் பணமும்

ஜப்பானில் சாவுக்குக் கறுப்பு சூட், கறுப்பு டை. அவர் அதை இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருந்தார். மேலூர் வெயிலில் சூட் போட்டவர் மயங்கி விழுந்து சடங்கையே நிறுத்திவிடுவார் என்பது ஒரு பக்கம். இங்கே கறுப்புச் சட்டை போட்டவரைப் பார்த்தால் திராவிடர் கழகமா, ஐயப்பனுக்கு மாலை போட்டவரா என்றுதான் யோசிப்பார்கள், துக்கம் என்று யாருக்கும் தோன்றாது. வெளுத்த நிறத்தில் பருத்திச் சட்டை, சாதாரண பேன்ட், குனியாமல் கழற்றக்கூடிய செருப்பு, இவ்வளவு போதும். பெண்ணாக இருந்தால் பூ வைக்காமல், பளபளக்காத புடவையிலோ சுடிதாரிலோ வரலாம். சென்ட் வேண்டாம்.

ஆபீஸ் சார்பில் ஒரு ரோஜா மாலை போதும். ஆளுக்கொரு மாலை வாங்கினால் அரை மணி நேரத்தில் அது பெட்டியை விட்டு இறங்கிக் குவியலுக்குப் போய்விடும். புதுத் துணி வாங்கிப் போவதாக அவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோடித் துணி போடுவது உறவுக்கு உரியது. பிறந்த வீட்டுக் கோடி, சம்பந்தி கோடி என்று அதற்கு முறை இருக்கிறது. வெளியாள் அதைச் செய்தால் அன்பு என்று எடுத்துக்கொள்வதா, உரிமை கொண்டாடுகிறார் என்று எடுத்துக்கொள்வதா என்று அவர்கள்தான் குழம்புவார்கள்.

பணத்தைப் பற்றி அவருக்கு விளக்க வேண்டியதே இல்லாமல் போயிற்று. அவர்கள் ஊரில் சாவு வீட்டுக்குக் கவரில் பணம் கொடுக்கும் வழக்கம் உண்டு. சாவை எதிர்பார்த்துத் தயாராக இருந்ததுபோலத் தெரியக் கூடாது என்பதற்காகப் புது நோட்டைத் தவிர்ப்பார்களாம். தேடிப் பிடித்து அழுக்கு நோட்டாக எடுத்து வைத்திருந்தார். நான் மாற்றிச் சொன்னது யாரிடம் கொடுப்பது என்பதை மட்டும்தான். மகன் கையில் அன்றைக்கு எதையும் திணிக்கக் கூடாது. செலவுக் கணக்கு பார்க்கும் அந்த மச்சானைத் தனியே கூப்பிட்டு, டீம் பெயர் எழுதிய கவரைக் கொடுத்துவிடலாம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போவதாக இருந்தால் அப்போது மொய் எழுதலாம்.

வாசலில் இறங்கியதும்

தெருமுனையிலேயே பறைச் சத்தம் கேட்கும். ஷாமியானா பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் உள்ளே ஃபிரீசர் பாக்ஸைச் சுற்றி இருப்பார்கள். அவரைப் பார்த்துச் சிரித்து வரவேற்க யாரும் எழுந்து வர மாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், தான் வந்தது பிடிக்கவில்லையோ என்று நினைத்துவிடுவார்.

நேராக உள்ளே போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, மாலையை வைத்து, கால்மாட்டில் நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஒரு நிமிடம் போதும், பின்னால் ஆள் நிற்கும். இடுப்பை வளைத்து வணங்குவது ஜப்பான் வழக்கம். அதை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. அன்று அவர் ஆழமாகக் குனிந்து எழுந்ததைப் பார்த்து அங்கிருந்த பெண்கள் நெகிழ்ந்துதான் போனார்கள்.

வெளியே வந்ததும் மகனையும் பங்காளிகளையும் பார்க்க வேண்டும். இங்கேதான் கை கொடுப்பது வரும். பிடித்துக் குலுக்கக் கூடாது. இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினால் அவர்களும் நீட்டுவார்கள், தொட்டு எடுத்தால் போதும். வரிசையாக உட்கார்ந்திருக்கும் எல்லாரிடமும் இப்படித் தொட்டுக்கொண்டே போக வேண்டும். பெண்களிடம் இது கிடையாது. பெண்கள் வந்தால் உள்ளே இருக்கும் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அந்நியப் பெண் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாலே போதும்.

என்ன பேசுவது என்பதில்தான் வண்டியில் அதிக நேரம் போயிற்று. ஆங்கிலத்தில் வருந்துகிறேன் என்று சொல்லலாமா என்று கேட்டார். சொல்லலாம், ஆனால் அதற்குப் பதில் சொல்லும் பழக்கம் நம்மிடம் இல்லை. சூப்பர்வைசர் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா நிற்பார், இவருக்கும் சங்கடம். நம் ஆட்கள் கேட்பது வேறு: "எப்படிப்பா ஆச்சு? போன மாசம் பார்த்தப்ப நல்லாத்தானே இருந்தாங்க?" செத்தவர் எப்படிச் செத்தார் என்று மகனிடமே கேட்பதா என்று அவர் அதிர்ந்துபோனார். கேட்கத்தான் வேண்டும். துக்கம் விசாரிப்பது என்ற பெயரிலேயே விசாரணை இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி கஞ்சி குடித்தது, விடிகாலையில் மூச்சு வாங்கியது, ஆட்டோ பிடிக்க ஓடியது, போகிற வழியிலேயே அடங்கியது என்று மகன் முதலிலிருந்து சொல்வார். அரை மணி கழித்து அடுத்தவர் வந்து அதையே கேட்பார், அவரும் அதே வரிசையில் திரும்பச் சொல்வார். நாற்பது தடவை சொல்லும்போது அது மெல்ல ஒரு கதையாக ஆறிவிடுகிறது. எனக்குத் தெரிந்து நம் ஊரில் இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. ஆகவே கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, ஏன் முன்பே கொண்டுபோகவில்லை என்ற குறுக்குக் கேள்விகள் மட்டும் கூடவே கூடாது. அதைக் கேட்பதற்கென்றே ஒவ்வொரு சொந்தத்திலும் ஒருவர் இருப்பார்.

பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். வேலை என்று ஒன்றும் இல்லை. பேப்பர் படிப்பவர்கள், நிலத்தகராறு பேசுபவர்கள், சிரிப்பவர்கள்கூட அங்கே இருப்பார்கள். மரியாதைக் குறைவு என்று அவர் நினைக்க வேண்டாம். அவர்கள் உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை. வீட்டார் போட்டோ எடுப்பார்கள், வீடியோக்காரர்கூட வந்திருக்கலாம். வந்தவர் போனை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது.

சத்தத்தைப் பற்றி

அமைதியாகக் கூடி அமைதியாகக் கலையும் ஊரிலிருந்து வருபவருக்கு நம் சாவு வீட்டுச் சத்தம்தான் பெரிய அதிர்ச்சி. ஒப்பாரி வைக்கும் பெண் ஒரு புதிய ஆள் வந்ததும் உச்சத்துக்குப் போவார், பத்து நிமிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு "டீ கொடுத்தாங்களா" என்று விசாரிப்பார். இது நடிப்பா என்று அவர் கேட்டார். இல்லை. ஒவ்வொரு உறவும் வரும்போது அந்த உறவைச் சொல்லி அழ வேண்டும், அழ முடியாதவர்களுக்கும் சேர்த்து அழ வேண்டும், அது ஒரு முறை. அண்ணன் வந்தால் அண்ணனைச் சொல்லி ஒரு பாட்டு, மருமகள் வந்தால் இன்னொன்று.

பேரன் பேத்தி எடுத்து, வயதாகிப் போனால் அதைக் கல்யாணச் சாவு என்பார்கள். வெடி போடுவார்கள், பறைக்கு இளவட்டங்கள் ஆடுவார்கள். அழும் மகனும் ஆடும் பேரனும் ஒரே வாசலில் இருப்பார்கள். அவரை யாராவது ஆட இழுத்தால் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொள்ளலாம். குடித்துவிட்டு வருபவர்களும் இருப்பார்கள், பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

பறை அடிப்பவர்கள் ஏன் தள்ளி நிற்கிறார்கள், ஏன் பந்தலில் உட்காரவில்லை என்று அவர் கேட்கக்கூடும், என்னிடம் கேட்டார். மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். சாவுக்குப் பறை அடிப்பதைத் தலித் மக்கள் தலையில் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தியது சாதி. அதே காரணத்துக்காக இனி அடிக்க மாட்டோம் என்று மறுத்த ஊர்களும் உண்டு, அதே பறையைத் தங்கள் கலை என்று மேடையேற்றியவர்களும் உண்டு. பல ஊர்களில் சுடுகாடும் சாதிக்கொன்றாகத்தான் இருக்கிறது. சடங்கை விளக்கும்போது இதை மட்டும் மறைத்தால் அவர் பார்த்தது பாதிதான்.

எடுக்கும் நேரம்

இரண்டு மணியளவில் உறவுக்காரர்கள் பறையோடு நீர்மாலைக்குக் கிளம்புவார்கள். குடங்களில் தண்ணீர் எடுத்துவந்து உடலைக் குளிப்பாட்டி, கோடி போர்த்துவார்கள். பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம் ஏந்தி உடலைச் சுற்றி வருவார்கள். பிறகு வாய்க்கரிசி. இதெல்லாம் உறவுக்குரியவை, அவர் ஓரமாக நின்று பார்த்தால் போதும். பெரியவர் யாராவது அன்பாக "நீங்களும் போடுங்க" என்று கூப்பிட்டால் மறுக்க வேண்டாம். முன்னால் போகிறவர் எப்படிப் போடுகிறாரோ அப்படியே போட்டுவிட்டு நகர வேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்குச் செய்யும் சடங்கு ஏதாவது நடந்தால், அது அன்றோ காரியத்தன்றோ, வெளியாட்கள் தள்ளிப் போய்விடுவதுதான் நாகரிகம். அந்தச் சடங்கே வேண்டாம் என்று நிறுத்திய வீடுகள் இப்போது நிறைய இருக்கின்றன.

பாடையைத் தூக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு அவரைத் தயார்படுத்துங்கள். அதுவரை டீ விசாரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஒரே குரலில் கதறுவார்கள், சிலர் பாடையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார்கள். எங்கள் ஜப்பான்காரர் அங்கேதான் அழுதார்.

பெண்கள் வழக்கமாகத் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள், நகரங்களில் இது மாறிவருகிறது. ஆண்கள் பின்னால் நடப்பார்கள். வழியெங்கும் பூவும் பொரியும் இறைப்பார்கள், சில்லறைக் காசும் விழும். அதைக் குனிந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். கீழே விழுந்ததைப் பொறுக்கிக் கொடுக்கும் நல்ல பழக்கம் உள்ளவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன் கொள்ளி வைப்பது பரவலான வழக்கம். எங்கள் சூப்பர்வைசர் இளையவர், அதனால் கொள்ளிச் சட்டி அவர் கையில். சுடுகாட்டில் அவருக்கு மொட்டை அடித்தார்கள். விறகும் வரட்டியும் அடுக்கி, வைக்கோல் பரப்பி, களிமண் பூசி மூடினார்கள். தோளில் தண்ணீர்க் குடத்தோடு மகன் மூன்று சுற்று வருவார், ஒவ்வொரு சுற்றிலும் குடத்தில் ஒரு ஓட்டை போடுவார்கள். கடைசியில் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பார். கூட வந்தவர்களும் திரும்பிப் பார்க்கக் கூடாது. மகன் தங்களைத் தாண்டிப் போகும்போது கூப்பிடவும் கூடாது, அவர் நின்று திரும்பிவிடுவார்.

சடங்கில் ஜப்பான்காரருக்கு விளக்கமே தேவைப்படாத இடம் அடுத்த நாள் நடப்பது. சாம்பலில் பால் ஊற்றி எலும்பைப் பொறுக்கி ஆற்றிலோ கடலிலோ கரைப்பார்கள் என்றேன். அவர்கள் ஊரிலும் எரித்த பிறகு குடும்பத்தார் குச்சிகளால் எலும்பை எடுத்துக் கலயத்தில் சேர்ப்பார்கள் என்று சொன்னவர், வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்புவது

எடுத்த பிறகு கிளம்பிவிடலாம். அவசரம் என்றால் அதற்கு முன்பே போகலாம், ஆனால் எடுக்கப்போகும் நேரத்தில் எழுந்து போவது உறுத்தும். மகன் கண்ணில் பட்டால் கையைத் தொட்டுவிட்டு, படாவிட்டால் சும்மாவே, நடந்துவிட வேண்டும். நன்றி, போயிட்டு வரேன், பார்க்கலாம், எதுவும் வேண்டாம். சொல்லாமல் போவது நம்மவர்களுக்கே சில சமயம் கஷ்டம். அவருக்கு ரொம்பக் கஷ்டம். வண்டி வரை வாயை இறுக்கிக்கொண்டு வந்தார்.

வழியில் யார் வீட்டுக்கும் போகக் கூடாது, கோயிலுக்கும் கூடாது. முதல் வேலை தலைக்குக் குளிப்பது, போட்டிருந்த துணியை நனைத்துவிடுவது. எங்களுக்குத் திரும்ப ஏழெட்டு மணி நேரம் என்பதால் மேலூரிலேயே ஒரு லாட்ஜில் இரண்டு மணி நேரத்துக்கு அறை எடுத்துக் குளித்தோம். சுடுகாடு வரை போனவர்கள் பம்புசெட்டிலேயே குளித்துவிடுவதும் உண்டு, மாற்றுத் துணி ஒன்று பையில் இருக்கட்டும். இதையும் அவர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார். சாவு வீட்டிலிருந்து திரும்பினால் வீட்டுக்குள் நுழையும் முன் மேலே உப்பைத் தூவிக்கொள்வது அவர்கள் வழக்கமாம்.

வேலைக்குத் திரும்பி வரும்போது

வெளிநாட்டு மேலதிகாரிக்கு இதுதான் முக்கியம். கொள்ளி வைத்தவர் பதினாறாம் நாள் கருமாதி முடியும் வரை ஊரிலேயே இருக்க நினைப்பார். லீவு அதிகமாகக் கேட்கிறார் என்று முகம் சுளிக்காமல் இருக்க, அந்தப் பதினாறு நாள் கணக்கை முன்பே சொல்லிவிடுங்கள். திரும்பி வரும்போது மொட்டையோடு, மீசை இல்லாமல் வருவார், அடையாளம் தெரியாமல் ஒரு நொடி விழிக்கலாம், அதைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு வருடத்துக்கு அந்த வீட்டில் தீபாவளி, பொங்கல் கொண்டாட மாட்டார்கள். அவர் மேஜையில் மட்டும் ஸ்வீட் பாக்ஸ் வைக்காமல், வாழ்த்துச் சொல்லாமல் விட்டுவிட வேண்டும்.

அந்தத் தீபாவளிக்கு ஜப்பான்காரர் எல்லாருக்கும் பெட்டி கொடுத்துக்கொண்டே வந்தார். சூப்பர்வைசர் இடத்துக்கு வந்ததும் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "டீ குடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார்.